ஒரே தவணை, உள்ளே இரண்டு கணக்கு

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ தவணையில் லாரி எடுத்து ஓட்டுபவரின் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால், உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். கூடவே இன்னொரு பதிவும் இருக்கும்: இந்த வண்டியின் மீது இன்ன நிறுவனத்துக்குப் பாத்தியதை உண்டு என்று. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் இதற்குப் பெயர் 'எச்.பி.' கடைசி ட்யூ கட்டி, நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி வந்து, 'எச்.பி. கேன்சல்' செய்த பிறகுதான் அந்தப் பதிவு அழியும்.

எச்.பி. என்பது ஹயர் பர்ச்சேஸ். கணக்குப் பதிவியல் புத்தகத்தில் இதை வாடகைக் கொள்முதல் என்று படித்திருப்போம். வாடகையா, கொள்முதலா என்று கேட்டால் சட்டம் ஒரு பதில் சொல்லும், கணக்கேடு வேறொரு பதில் சொல்லும்.

சட்டத்தின் பதிலைத் தெளிவாக்கியது லண்டனில் நடந்த ஒரு பியானோ வழக்கு. பிரூஸ்டர் என்பவர் ஹெல்பி என்ற வியாபாரியிடம் ஒரு பியானோவை எடுத்தார். மாதம் பத்தரை ஷில்லிங், 36 மாதம். எல்லாத் தவணையும் கட்டி முடித்தால் பியானோ அவருடையது. இடையில் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிரூஸ்டர் தவணையும் முடிக்காமல், பியானோவைத் திருப்பியும் கொடுக்காமல், மாத்யூஸ் என்ற அடகுக்கடைக்காரரிடம் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டார். 1895இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: பிரூஸ்டர் வாங்குவதாக ஒப்புக்கொள்ளவில்லை, வாங்கும் உரிமை மட்டுமே அவருக்கு இருந்தது, அதுவரை அவர் வாடகைக்காரர்தான், ஆகவே பியானோ ஹெல்பிக்கே சொந்தம். அடகுக்கடைக்காரர் பொருளையும் இழந்தார், கொடுத்த பணத்தையும் இழந்தார். கடனுக்கு விற்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய அரண் ஆனது. இந்தியாவிலும் ஹயர் பர்ச்சேஸ் இதே அச்சில்தான் வளர்ந்தது. இதற்கென்று 1972இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் அது ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் அதை ரத்து செய்யவும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

கணக்கேட்டின் பதில் வேறு. வண்டியை ஓட்டிச் சம்பாதிப்பவர் இவர். டயர் தேய்ந்தால், எஞ்சின் போனால் செலவு இவருக்கு. கடைசி ட்யூ வரை கட்டுவதாகத்தான் எடுத்திருக்கிறார். எனவே முதல் நாளே இது இவருடைய சொத்து, கட்ட வேண்டிய பாக்கி இவருடைய கடன் என்றே எழுது என்கிறது கணக்கியல். குத்தகைகளுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 19, ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தையும் தன் வரம்புக்குள் சேர்த்துக்கொண்டு இப்படியே நடத்துகிறது. அப்படி எழுதத் தொடங்கியவுடன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: மாதாமாதம் கட்டும் தவணையில் வண்டி விலை எவ்வளவு, வட்டி எவ்வளவு? ரசீதில் ஒரே தொகைதான் இருக்கிறது.

ஒரு லாரியை வைத்துப் பார்க்கலாம். ரொக்கம் கொடுத்தால் விலை 10,00,000 ரூபாய். முன்பணம் 2,00,000. மீதி 8,00,000க்கு ஃபைனான்ஸ். "பத்து பர்சென்ட் ஃபிளாட், நாலு வருசம்" என்கிறார் ஃபைனான்ஸ்காரர். அவர் கணக்கு ஒரு காகிதத் துண்டில் முடிந்துவிடும்: எட்டு லட்சத்துக்கு வருடம் 80,000 வட்டி, நான்கு வருடத்துக்கு 3,20,000. அசலோடு சேர்த்தால் 11,20,000. நான்கால் வகுத்தால் வருடத் தவணை 2,80,000. நிஜத்தில் மாதத் தவணையாகத்தான் வாங்குவார்கள். கணக்கின் உள்ளே எட்டிப் பார்க்க வருடத் தவணை எளிது என்பதால் முதலில் அப்படியே வைத்துக்கொள்வோம். வண்டி ஏப்ரல் 1ஆம் தேதி வந்தது, ஒவ்வொரு மார்ச் 31ஆம் தேதியும் ஒரு தவணை.

வட்டியை வருடத்துக்கு 80,000 என்று சமமாகப் பிரித்துவிட்டால் என்ன என்று தோன்றும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வட்டி என்பது அடுத்தவர் பணம் நம் கையில் இருப்பதற்கான விலை. முதல் வருடம் முழுக்க எட்டு லட்சமும் நம்மிடம் இருந்தது. நான்காவது வருடத்தில் மூன்று தவணை கட்டியாகிவிட்டது. மிச்சமிருப்பது ஏறக்குறைய கால் பங்கு. எட்டு லட்சத்துக்கும் இரண்டு சொச்சம் லட்சத்துக்கும் ஒரே வட்டி என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? ஆகவே அந்தந்த வருடத் தொடக்கத்தில் நிற்கும் பாக்கியின் மீதுதான் வட்டி போட வேண்டும்.

அப்படிப் போட என்ன வீதம்? நான்கு தவணையும் 2,80,000 ஆக இருந்து, கடைசியில் பாக்கி சரியாகப் பூஜ்யமாக முடிய வேண்டுமென்றால் அந்த வீதம் பத்து அல்ல, 15 சதவீதம். துல்லியமாகச் சொன்னால் அதற்கு ஒரு மயிரிழை குறைவு. கணக்கர் பேரேட்டில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஒரு பக்கம் திறந்து, 10,00,000 வரவு வைத்து, முன்பணம் 2,00,000 பற்று எழுதுவார். நிற்பது 8,00,000. மார்ச் 31 வந்ததும் தவணையைத் தொடுவதற்கு முன்னால் வட்டியை எழுதுவார்: எட்டு லட்சத்தின் 15 சதவீதம், 1,20,000. இப்போது பாக்கி 9,20,000 ஆக ஏறிவிட்டது. அதிலிருந்து 2,80,000 தவணையைக் கழித்தால் 6,40,000.

தவணையை யாரும் கத்தரித்துப் பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வட்டி ஏறியது, தவணை முழுதாக இறங்கியது. நிகரமாகக் கடன் குறைந்தது 1,60,000. அதுதான் லாரி விலையில் அடைபட்ட பகுதி. நான்கு வருடத்துக்கும் இதையே செய்தால் இப்படி வரும்:

முதல் வருடம்: வட்டி 1,20,000, அசல் 1,60,000, பாக்கி 6,40,000.
இரண்டாம் வருடம்: வட்டி 96,000, அசல் 1,84,000, பாக்கி 4,56,000.
மூன்றாம் வருடம்: வட்டி 68,400, அசல் 2,11,600, பாக்கி 2,44,400.
நான்காம் வருடம்: வட்டி 35,600, அசல் 2,44,400, பாக்கி இல்லை.

வட்டிகளைக் கூட்டினால் அதே 3,20,000. அசலைக் கூட்டினால் 8,00,000. மொத்தத்தில் ஒரு ரூபாயும் மாறவில்லை. எந்த வருடத்துக்கு எவ்வளவு என்பதுதான் மாறியிருக்கிறது. கடைசி வருடத்தில் 2,44,400க்கு 15 சதவீதம் போட்டால் 36,660 வரும், நான் எழுதியிருப்பது 35,600. அந்த மயிரிழை வித்தியாசம் மூன்று வருடம் சேர்ந்து இங்கே வந்து நிற்கிறது. கடைசித் தவணையில் வட்டியைக் கணக்கிடாமல், தவணையிலிருந்து பாக்கியைக் கழித்து வருவதையே வட்டி என்று எழுதுவது கணக்கர்களின் வழக்கம்.

ரொக்க விலையே தெரியாமல், தவணையும் வட்டி வீதமும் மட்டும் தெரிந்தால் கடைசியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பி.காம். தேர்வுகளில் மாணவர்கள் சறுக்கும் இடம் இது. கடைசித் தவணை 2,80,000 என்றால் அதற்கு 15 சதவீதம், 42,000 என்று போட்டுவிடுவார்கள். ஆனால் 2,80,000க்குள் ஏற்கெனவே வட்டி அடங்கியிருக்கிறது. நூறு ரூபாய் அசலும் பதினைந்து ரூபாய் வட்டியும் சேர்ந்த 115இல் வட்டி 15. ஆகவே 2,80,000ஐ 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். வருவது 36,522.

இனி ஏட்டில் நடக்கும் தவறுகளுக்கு வரலாம். அதிகம் பார்க்கக் கிடைப்பது, தவணை முழுவதையும் செலவு என்று எழுதிவிடுவது. கையை விட்டுப் பணம் போனது, செலவுதானே என்ற நியாயம். அப்படி எழுதினால் இருப்புநிலைக் குறிப்பில் லாரியே இருக்காது, கடனும் இருக்காது. நான்கு வருடம் லாபம் ஒரு மாதிரியும், ட்யூ முடிந்த ஐந்தாவது வருடம் திடீரென்று குதித்தும் தெரியும். அதே லாரி, அதே வாடகை ஓட்டம்தான். லாபம் கூடியதற்கு எழுதிய விதத்தைத் தவிர வேறு காரணம் இருக்காது.

இதற்கு நேர் எதிரான தவறு, முன்பணத்தையும் எல்லாத் தவணையையும் கூட்டி லாரியின் விலையையே 13,20,000 என்று எழுதுவது. இது கொஞ்சம் நாசூக்கான தவறு, பார்த்தவுடன் தெரியாது. மூன்று லட்சத்து இருபதாயிரம் வட்டி லாரியின் தகட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரியில் தேய்மானம் 30 சதவீதம் என்பதால், சரியான கணக்கில் முதல் வருடத் தேய்மானம் பத்து லட்சத்துக்கு 3,00,000. தவறான கணக்கில் 3,96,000. இன்னும் ஏறாத வட்டிக்கும் சேர்த்துத் தேய்மானம் எழுதியாகிறது. அதே சமயம் உண்மையில் ஏறிய வட்டி செலவில் வரவே இல்லை. கடன் பக்கமும் ஊதிக்கிடக்கும். முதல் தவணை கட்டிய பிறகும் பாக்கி 8,40,000 என்று காட்டும். நாளைக்கே தீர்த்தால் கொடுக்க வேண்டியது 6,40,000தானே.

இந்தப் பிரிவினை வருமான வரித்துறைக்குப் புதிதல்ல. 1943இல் வெளியிட்ட 9ஆம் எண் சுற்றறிக்கையிலேயே, ஹயர் பர்ச்சேஸ் தவணையில் வாடகைக்கான பகுதி வேறு, விலைக்கான பகுதி வேறு என்று துறை எழுதிவைத்துவிட்டது. முதலாவதைச் செலவாகக் கழிக்கலாம். இரண்டாவது மூலதனச் செலவு. அதற்குத் தேய்மானம்தான் கிடைக்கும், அதுவும் பொருளின் தொடக்க மதிப்பின் மீது. வாடகைக்கான பகுதி என்று அன்று சொன்னதைத்தான் நாம் மேலே வட்டி என்று எழுதினோம். ஒரு விலக்கு உண்டு. பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருக்கும் லாரிக்காரர், வண்டிக்கு மாதம் இவ்வளவு வருமானம் என்று சட்டமே வைத்த அனுமானத்தின்படி வரி கட்டலாம். அந்த வழியில் போனால் வட்டி, தேய்மானம் எல்லாம் ஏற்கெனவே கழித்ததாகவே கொள்ளப்படும். தனியாகக் கேட்க முடியாது. சிறு லாரிக்காரர்கள் பலர் ஏடே வைக்காததற்கு இது ஒரு காரணம். ஆனால் ஏடு வைக்காதவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய நாள் ஒன்று வரும்.

அது, கடனை முன்கூட்டியே முடிக்கப் போகும் நாள். இப்போது மாதத் தவணைக்கு வருவோம். அதே எட்டு லட்சம், அதே பத்து சதவீத ஃபிளாட், 48 மாதம். மொத்தம் 11,20,000ஐ 48ஆல் வகுத்தால் மாதம் 23,333 ரூபாய் ட்யூ. வருடக் கடைசியில் கட்டுவதற்குப் பதில் மாதாமாதம் கட்டுவதால் பணம் இன்னும் சீக்கிரமே நிறுவனத்துக்குத் திரும்பிவிடுகிறது. வட்டித் தொகையோ அதேதான். ஆகவே உண்மையான வீதம் மேலும் ஏறும்: மாதம் 1.467 சதவீதம், வருடத்துக்கு ஏறக்குறைய 17.6. காகிதத் துண்டில் எழுதிய பத்து எங்கே, இது எங்கே! முதல் மாத ட்யூவில் பாதிக்கு மேல், சுமார் 11,700 ரூபாய், வட்டிக்கே போய்விடும். கடைசி ட்யூவில் வட்டி 340 ரூபாய்கூட வராது.

இருபத்து நான்கு ட்யூ கட்டி முடித்த ஒருவர், கைக்குப் பணம் வந்ததால் மொத்தமாகத் தீர்த்துவிடலாம் என்று போகிறார் என்று வையுங்கள். கட்டியது 5,60,000. தவணையில் பாதி முடிந்தது, ஆகவே அசலில் பாதி, நான்கு லட்சம்தான் நிற்கும் என்பது அவர் மனக்கணக்கு. அங்கே கேட்பதோ 4,69,000 சொச்சம். "பாதி கட்டியாச்சுங்க, அப்புறம் எப்படிங்க அறுபத்தொன்பதாயிரம் கூட வரும்?" என்று கொங்குக்காரர் குரல் உயரும். அந்தத் தொகையில் ஏமாற்று எதுவும் இல்லை. முதல் பாதியில் வட்டி கனமாகவும் அசல் லேசாகவும் போயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் அடைந்த அசல் 3,31,000க்குள்தான்.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. சில நிறுவனங்கள் பாக்கியின் மீது வட்டி போடாமல், பழைய இலக்கக் கூட்டு முறையில் கணக்குப் போடுவதுண்டு. 48 மாதத்துக்கு 48, 47, 46 என்று தொடங்கி 1 வரை எண்களை வைத்துக் கூட்டினால் 1,176 வரும். முதல் மாத வட்டி மொத்த வட்டியில் 1,176இல் 48 பங்கு, கடைசி மாதத்துக்கு ஒரு பங்கு. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் வீதத்தைத் தேடி அலையாமல் வட்டியைப் பிரிக்க இது நல்ல குறுக்குவழி. பாடப்புத்தகங்களிலும் வட்டி வீதம் தராத கணக்குகளை இப்படித்தான் தீர்ப்பார்கள். ஆனால் இது ஆரம்ப மாதங்களில் வட்டியைச் சற்று அதிகமாகத் தள்ளிவிடும். நம் லாரிக்காரருக்கு மீதி 24 மாதத்துக்கான வட்டி, இந்த முறையில் 24 முதல் 1 வரையான கூட்டுத்தொகை 300 பங்கு, அதாவது 81,600 ரூபாய் தள்ளுபடி ஆகும். பாக்கியின் மீது வட்டி போடும் முறையில் தள்ளுபடி 90,800. எந்த முறை என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டால் ஒன்பதாயிரம் ரூபாய் போய்விடும். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் இதற்கு மேல் தனி.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும், வங்கியும் ஃபைனான்ஸ் நிறுவனமும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. உண்மையான வருடாந்தர வீதமும், ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு அசல் எவ்வளவு என்ற அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். ஃபிளாட் வீதம் என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிவிடும் தாள் அது. 48 ரசீதுகளைப் பத்திரப்படுத்துகிறவர்கள் இந்த ஒரு தாளைத் தொலைத்துவிடுவதுதான் வழக்கம் என்பது என் எண்ணம்.

இன்னொரு நாளும் இருக்கிறது, யாரும் விரும்பாத நாள். ட்யூ நிற்கிறது, வண்டியைச் சீஸ் செய்துவிடுகிறார்கள். நமது வருடத் தவணைக் கணக்கிலேயே பார்ப்போம். இரண்டு தவணை கட்டிவிட்டார், மூன்றாவதைக் கட்ட முடியவில்லை, அந்த மார்ச் 31 அன்றே லாரி போய்விட்டது. பாக்கி 4,56,000, அந்த வருட வட்டி 68,400, ஆகக் கடன் 5,24,400. லாரியின் ஏட்டு மதிப்பு மூன்று வருடத் தேய்மானத்துக்குப் பிறகு பத்து லட்சத்திலிருந்து 3,43,000க்கு இறங்கியிருக்கிறது. பாடப்புத்தக முறையில் கடன் கணக்கையும் லாரி கணக்கையும் ஒன்றுக்கொன்று மூடினால், 1,81,400 ரூபாய் மிஞ்சும். அதை லாபம் என்று எழுதச் சொல்கிறது புத்தகம்! பிழைப்புக்கான வண்டியைப் பறிகொடுத்தவருடைய ஏட்டில் லாபம். கணக்கு தப்பில்லை: தேய்மானம் வேகமாக ஓடியது, கடன் மெதுவாகக் கரைந்தது, ஏற்கெனவே எழுதிய செலவுதான் இங்கே திரும்புகிறது.

ஆனால் அந்தப் பதிவு, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பாக்கியும் தீர்ந்தது என்று சொல்லும் ஒப்பந்தத்துக்குத்தான் பொருந்தும். பிரூஸ்டருக்குப் பியானோவைத் திருப்பும் உரிமை இருந்ததே, அந்த மாதிரி. இன்று வாகனத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹயர் பர்ச்சேஸே அல்ல. வண்டியை ஈடாகக் காட்டி வாங்கும் சாதாரணக் கடன் அது, எச்.பி. என்ற பேச்சு வழக்கு மட்டும் தங்கிவிட்டது. தவணையை வட்டி, அசல் என்று பிரிப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வண்டி போகும்போதுதான் வித்தியாசம். ஈட்டுக் கடனில் நிறுவனம் வண்டியை ஏலம் விட்டு, வந்த தொகையைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கேட்கும். ஏலத்தில் 4,00,000 வந்தது என்றால், ஏட்டு மதிப்பைவிட 57,000 கூடுதல் என்பது மட்டுமே லாபமாக எழுதத் தக்கது. ஏலச் செலவையும் அபராத வட்டியையும் விட்டுவிட்டாலும், மீதி 1,24,400 கடன் பக்கத்திலேயே நிற்கும். கணக்கர் அந்தப் பக்கத்தை மூட முடியாது.